எட்டு மடங்கு தந்த ஊரை விட்டு வெளிநாட்டுப் பங்கு எதற்கு?

பனியன்_கணக்கு | 3 ஆகஸ்ட் 2025

நேராகவே கேட்கிறேன். இந்தியப் பங்குகளில் மட்டும் நீண்ட காலத்துக்குப் பணம் போட்டு வைக்கிறவன் எதை இழக்கிறான்?

வயது 41. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவு. மாதம் 15,000 ரூபாய் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபி போகிறது. சேர்ந்தது இன்றைக்கு 40 லட்சம், அதில் பாதி போட்ட பணம், பாதி வளர்ந்தது. வேலையை விடும் வரை தொடப்போவதில்லை.

தெரிந்தவர்கள் இரண்டு பேர் "20 சதவீதம் வெளிநாட்டுக்கு மாத்து" என்று ஒரே பாட்டு. நம் பொருளாதாரம் வருஷம் ஆறு ஏழு சதவீதம் வளர்கிறது, அமெரிக்கா இரண்டு மூன்று. 1999 கடைசியில் சென்செக்ஸ் 5,005. 2019 கடைசியில் 41,253. எட்டு மடங்கு. அதே இருபது வருஷத்தில் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 1,469லிருந்து 3,230. இரண்டே கால் மடங்குகூட இல்லை. எட்டை விட்டுவிட்டு இரண்டுக்கு ஏன் போக வேண்டும்?

நாஸ்டாக்_நம்பி | 3 ஆகஸ்ட் 2025

2019ல் ஏன் நிறுத்தினீங்க? அதுக்கப்புறம் என்விடியா என்ன ஆச்சுன்னு பாருங்க. வெளிநாடுன்னா அமெரிக்கா, அமெரிக்கான்னா நாஸ்டாக். அது மட்டுமில்ல, ரூபாய் வருஷா வருஷம் விழுது. அந்த மூணு சதவீதம் சும்மா கிடைக்கிற போனஸ். 20 எல்லாம் பத்தாது, பாதியை மாத்துங்க.

தெம்பனிஸ்_வாசி | 4 ஆகஸ்ட் 2025

எனக்கும் இதே குழப்பம்தான். சிங்கப்பூரில் பதினைந்து வருஷத்துக்கும் மேல் ஆகிறது, நிரந்தரவாசி. என் பணமெல்லாம் தஞ்சாவூரில் இரண்டு மனை, சென்னையில் ஒரு ஃபிளாட், மீதி நிஃப்டி. வெளிநாட்டு முதலீடு எனக்கு நிறைய இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சரியா?

வட்டிக்கணக்கு | 5 ஆகஸ்ட் 2025

பொதுத்துறை வங்கி ஒன்றில் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மூவருக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் தம்பிக்கு முதலில். இந்தியா உங்களுக்கு வெளிநாடுதான், தாளில். ஆனால் உங்கள் சம்பளமும் செலவும் சிங்கப்பூர் டாலரில், சொத்து மொத்தமும் ஒரே மாநிலத்து மண்ணிலும் ஒரே நாட்டுப் பங்கிலும். பிறந்த ஊர்ப் பாசம் விமானம் ஏறினாலும் கூடவே வரும். நீங்கள் எங்கே ஓய்வு பெறப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பதில் மாறும்.

நம்பிக்கு. ரூபாய் 1999 கடைசியில் டாலருக்கு 43.50 பக்கம், இப்போது 87க்கு மேல். கால் நூற்றாண்டில் இரண்டு மடங்கு, வருஷத்துக்கு மூன்று சதவீதத்துக்கும் கீழே. அதில் பெரும்பகுதி இங்கே விலைவாசி அங்கேயைவிட வேகமாக ஏறியதற்கான ஈடு. அதைப் போனஸ் என்று எண்ணக் கூடாது. அதுவும் நேர்கோட்டில் விழுவதில்லை. 2002ல் 49 ரூபாய்க்குப் போன டாலர் 2007 கடைசியில் 39க்கு வந்தது. அந்த ஐந்து வருஷம் டாலர் சொத்து வைத்திருந்தவனுக்கு ரூபாய்க் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு செலாவணியிலேயே போனது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஏற்றுமதியாளர்கள் முகத்தைப் பார்த்தவன் நான்.

இழையைத் தொடங்கிய தம்பிக்கு. நாட்டின் வளர்ச்சி வேறு, பங்குக்காரன் கையில் வருவது வேறு. சீனாவைப் பாருங்கள். 2007 அக்டோபரில் ஷாங்காய் குறியீடு 6,000ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு சீனப் பொருளாதாரம் டாலரில் ஐந்து மடங்கு பெரிதாகியது. குறியீடு இன்றைக்கு 3,600 பக்கம் நிற்கிறது. வளர்ச்சியை எதிர்பார்த்து முன்பே அதிக விலை கொடுத்துவிட்டார்கள். அப்புறம் கம்பெனிகள் புதுப் பங்கை வெளியிட்டுக்கொண்டே இருந்தன. மொத்த இலாபம் கூடியது, ஒரு பங்குக்கான இலாபம் அந்த அளவுக்குக் கூடவில்லை.

உங்கள் எட்டு-இரண்டு கணக்கு சரியான எண்கள்தான். ஆனால் ஒன்று ரூபாயில், இன்னொன்று டாலரில் இருக்கிறது. இரண்டையும் ரூபாய்க்கு மாற்றுங்கள். இருபது வருஷத்தை இரண்டு பத்தாக உடையுங்கள். பிறகு 80-20 என்று வைத்து, பத்தாவது வருஷம் ஒரே ஒரு தடவை விகிதத்தைத் திரும்ப 80-20க்குக் கொண்டுவந்து பாருங்கள். என்ன வருகிறது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் கணக்குப் பிரிவு.

நாஸ்டாக்_நம்பி | 5 ஆகஸ்ட் 2025

சார் வீட்டுப்பாடம் குடுத்துட்டார் 😄

பனியன்_கணக்கு | 8 ஆகஸ்ட் 2025

போட்டுப் பார்த்தாயிற்று. டிவிடெண்டை இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை, வரியும் செலவும் சேர்க்கவில்லை. டாலர் 1999 கடைசியில் 43.50, 2009 கடைசியில் 46.50, 2019 கடைசியில் 71.30 என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பத்து வருஷம்: சென்செக்ஸ் 5,005லிருந்து 17,464. ஒரு ரூபாய் 3.49 ஆனது. அமெரிக்கக் குறியீடு 1,469லிருந்து 1,115க்கு இறங்கியது. ரூபாயில் மாற்றினாலும் ஒரு ரூபாய் 81 பைசாதான்.

இரண்டாவது பத்து: சென்செக்ஸ் ஒரு ரூபாயை 2.36 ஆக்கியது. அமெரிக்கா 4.44. அப்படியே தலைகீழ்.

இப்போது ஒரு லட்சத்தை மூன்று விதமாகப் போடுகிறேன். மொத்தமும் சென்செக்ஸ் என்றால் 8.24 லட்சம். 80-20 போட்டு இருபது வருஷம் தொடாமல் விட்டால் 7.31 லட்சம். 80-20 போட்டு 2009 கடைசியில் ஒருமுறை சரிசெய்தால்? முதல் பத்தில் 80,000 ரூபாய் 2.79 லட்சம் ஆகிறது, 20,000 ரூபாய் 16,200 ஆகிறது. மொத்தம் 2.95 லட்சம், அதில் வெளிநாடு ஐந்தரை சதவீதம்தான். இந்தியப் பகுதியில் விற்று மறுபடி 20க்குக் கொண்டுவந்தால், அடுத்த பத்தில் அது 2.78 மடங்கு. முடிவில் 8.21 லட்சம்.

8.24க்கும் 8.21க்கும் வித்தியாசம் மூவாயிரம் ரூபாய். இதை நான் எதிர்பார்க்கவில்லை. தனியாகப் பார்த்தால் அமெரிக்கப் பகுதி இருபது வருஷத்தில் 3.6 மடங்குதான். அதைக் கலந்தும் இழப்பு ஏறக்குறைய இல்லை.

பனியன்_கணக்கு | 8 ஆகஸ்ட் 2025, இரவு

தூக்கம் வரவில்லை, இன்னொரு யோசனை. மேலே உள்ள கணக்கு என் வாதத்தை உடைக்கவில்லையே? 8.21 என்பது 8.24ஐவிடக் குறைவுதான். கூடுதலாக எதுவும் கிடைக்காத ஒன்றுக்கு எதற்கு இவ்வளவு வேலை? சார் பதில் சொல்லட்டும்.

கேள்விக்குறி | 9 ஆகஸ்ட் 2025

2000ல் எந்த இந்தியனால் அமெரிக்கப் பங்கு வாங்க முடிந்தது? ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்குக் கதவைத் திறந்ததே 2004ல்தான், அதுவும் வருஷத்துக்கு 25,000 டாலர். நடக்க முடியாத ஒன்றை எக்ஸெலில் நடத்திக் காட்டுகிறீர்கள்.

இன்னொன்று. 2009 கடைசியில் மூன்றரை மடங்கு ஏறிய சென்செக்ஸை விற்று, பத்து வருஷம் நஷ்டம் கொடுத்த அமெரிக்காவை வாங்கும் தைரியம் யாருக்கு இருந்திருக்கும்? லேமன் திவாலாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தம்பி, நீங்கள் வாங்கியிருப்பீர்களா?

பனியன்_கணக்கு | 9 ஆகஸ்ட் 2025

மாட்டேன். டாலர் செத்துப்போச்சு என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது.

வட்டிக்கணக்கு | 10 ஆகஸ்ட் 2025

கேள்விக்குறி சொன்ன இரண்டாவது விஷயம்தான் இதில் உண்மையான கஷ்டம். முதலாவது வாசல் பற்றியது, அதற்குப் பிறகு வருகிறேன்.

தம்பி கேட்டதற்கு: 8.24 வந்த வரலாறு ஒன்றுதான் நமக்குத் தெரியும், ஏனென்றால் அது நடந்துவிட்டது. 1989 கடைசியில் ஜப்பானில் உட்கார்ந்திருந்தவனும் இதே மாதிரி ஒரு கணக்கு வைத்திருந்தான், உங்களுடையதைவிட அழகான கணக்கு. உலகச் சந்தை மதிப்பில் அப்போது ஜப்பான் அமெரிக்காவைவிடப் பெரியது. ஃப்ரெஞ்ச், பொட்டர்பா என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1991ல் வெளியிட்ட ஒரு கட்டுரை உண்டு. அந்தக் காலத்தில் ஜப்பானியர்களின் பங்கு முதலீட்டில் 98 சதவீதம் ஜப்பானிலேயே இருந்தது என்று கணக்கிட்டார்கள். அமெரிக்கர்கள் 94 சதவீதம் அமெரிக்காவில். எல்லாருக்கும் தன் ஊர்தான் பத்திரமாகத் தெரிந்திருக்கிறது. 1989 டிசம்பர் 29ல் நிக்கெய் 38,915ல் முடிந்தது. அந்த எண்ணைத் திரும்பத் தாண்டியது 2024 பிப்ரவரி 22ல். முப்பத்து நான்கு வருஷம். 41 வயதுக்காரன் 75 வயது வரை காத்திருந்தான்.

நான் இந்தியா ஜப்பான் ஆகும் என்று சொல்லவில்லை. ஆகாது என்று 98 சதவீதம் பந்தயம் கட்டாதீர்கள் என்கிறேன். வெளிநாட்டுப் பகுதி இலாபத்தைக் கூட்டுவதற்கு அல்ல. இங்கே ஒரு பத்து வருஷம் கெட்டுப்போனால் உங்கள் ஓய்வு தள்ளிப்போகாமல் இருப்பதற்கு. அந்தக் காப்புக்கு உங்கள் கணக்கிலேயே மூவாயிரம் ரூபாய்தான் விலை வந்தது. அடுத்த இருபது வருஷத்தில் விலை கூடலாம், குறையலாம்.

நம்பி, ஜப்பான் கதை உங்களுக்கும் சேர்த்துத்தான். இன்றைக்கு உலகக் குறியீட்டில் அமெரிக்கா அறுபது சதவீதத்துக்கு மேல். இந்தியா இரண்டு சதவீத அளவு. நாஸ்டாக் 100ல் பாதியை வைப்பது பரவலாக்குவது ஆகாது, ஊரை மாற்றிக்கொண்டு அதே பந்தயத்தை வேறு மேசையில் கட்டுவது.

நாஸ்டாக்_நம்பி | 10 ஆகஸ்ட் 2025

சார், ஜப்பான் உதாரணம் கேட்டுக் கேட்டு சலிச்சுப்போச்சு. 1989ல அங்க விலை-இலாப விகிதம் அறுபதுக்கு மேல. இப்ப அமெரிக்காவுல அப்படியில்ல. அந்தக் கம்பெனிங்க நெஜமாவே சம்பாதிக்குது.

ஆனா சரி, பாதின்னது கொஞ்சம் ஓவர்தான். 30 வச்சுக்கலாம்.

அண்ணா_நகர்_ஐடி | 11 ஆகஸ்ட் 2025

எல்லாரும் ஏன் சுற்றிப் போகிறீர்கள்? நிஃப்டியிலேயே இன்ஃபோசிஸ், டிசிஎஸ், எச்சிஎல் இருக்கிறது. வருமானத்தில் பெரும்பகுதி அமெரிக்கா, ஐரோப்பா. டாடா மோட்டார்ஸுக்கு ஜாகுவார். மருந்துக் கம்பெனிகள் வேறு. இந்தியப் பங்கு வாங்கினாலே பாதி வெளிநாடு வாங்கிய மாதிரிதான்.

வட்டிக்கணக்கு | 11 ஆகஸ்ட் 2025

பாதி சரி. ரூபாய் விழும்போது அந்தக் கம்பெனிகளின் இலாபத்துக்கு ஒரு தாங்கல் கிடைக்கும், உண்மை. ஆனால் பங்கு விலையை நிர்ணயிப்பது மும்பையில் வாங்குகிறவனும் விற்கிறவனும். வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் இந்தியாவிலிருந்து பணத்தை எடுக்கும் நாளில் இன்ஃபோசிஸை விட்டுவைத்து மற்றதை மட்டும் விற்க மாட்டார்கள்.

2008ஐப் பார்த்தால் புரியும். சென்செக்ஸ் ஜனவரி உச்சத்திலிருந்து 2009 மார்ச் அடி வரை 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அமெரிக்கக் குறியீடும் தன் உச்சத்திலிருந்து டாலரில் 57 சதவீதம் விழுந்தது. இதைக் காட்டித்தான் "எல்லாம் சேர்ந்தே விழும், பரவலாக்கி என்ன பயன்" என்று கேட்பார்கள். ஆனால் அதே காலத்தில் டாலர் 39லிருந்து 51க்குப் போனது. ரூபாயில் பார்த்தால் அமெரிக்கப் பங்கின் வீழ்ச்சி 43 சதவீதம். அதுவும் கசப்புதான், ஆனாலும் 60 இல்லை. வீழ்ச்சியின் நேரத்தில் ரூபாயும் சேர்ந்து பலவீனமாவதுதான் நமக்கு வெளிநாட்டுப் பங்கு செய்யும் வேலை. நல்ல வருஷங்களில் அந்தச் செலாவணி எதிர்த் திசையில் போய் எரிச்சலூட்டும். இரண்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம்.

இன்னும் ஒன்று, அண்ணா நகர்த் தம்பி. பெயரைப் பார்த்தால் நீங்கள் ஐடி. சம்பளம் அங்கே, பங்கும் அங்கே, கூடவே கம்பெனி கொடுத்த பங்கும் இருக்கும். அமெரிக்க வாடிக்கையாளர் செலவைக் குறைத்தால் மூன்றும் ஒரே நாளில் தும்மும்.

அண்ணா_நகர்_ஐடி | 11 ஆகஸ்ட் 2025

இருக்கிறது 🙂

வெள்ளவத்தை | 14 ஆகஸ்ட் 2025

நீங்கள் எல்லாம் 20ஓ 30ஓ என்று கதைக்கிறீர்கள். நான் கொழும்பில் இருந்து எழுதுகிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் பக்கம். மே மாதம் 360. என் ஊழியர் சேமலாப நிதி, மனைவியின் நிலையான வைப்பு, கொழும்புப் பங்குச் சந்தையில் வைத்திருந்த கொஞ்சம், எல்லாம் ரூபாயில். பங்குச் சந்தையும் ஜனவரி உச்சத்தில் இருந்து சில மாதங்களில் ஏறக்குறையப் பாதியாகப் போனது. மகனைப் படிக்க வெளியே அனுப்ப வேண்டிய வருடம் அது. காசு இருந்தது, அது டொலரில் எதற்கும் காணாது.

எங்களுக்கு வெளிநாட்டுப் பங்கு வாங்குவது உங்களைப் போல சுகமில்லை. நெருக்கடி வந்தவுடன் முதலில் மூடுகிற கதவு அதுதான். ஆகவே கதவு திறந்திருக்கும் நேரத்தில் யோசியுங்கோ. விழுகிற நாளில் யோசித்துப் பிரயோசனம் இல்லை.

பனியன்_கணக்கு | 14 ஆகஸ்ட் 2025

இதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. அண்ணா, மகன் படிப்பு?

வெள்ளவத்தை | 15 ஆகஸ்ட் 2025

இரண்டு வருடம் பிந்திப் போனவர். இப்போது படிக்கிறார்.

வட்டிக்கணக்கு | 16 ஆகஸ்ட் 2025

கதவு மூடும் விஷயத்தில் நமக்கும் அனுபவம் உண்டு. 2013 ஆகஸ்டில் ரூபாய் தடுமாறியபோது தனிநபர் வெளியே அனுப்பும் வரம்பை ரிசர்வ் வங்கி இரண்டு லட்சம் டாலரிலிருந்து 75,000க்குக் குறைத்தது. பிறகு ஏற்றி, 2015லிருந்து 2,50,000. இலங்கையின் நிலை வேறு, நம் கையிருப்பு வேறு. ஆனாலும் எந்த நேரத்தில் குறைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பனியன்_கணக்கு | 19 ஆகஸ்ட் 2025

சரி, கொஞ்சம் வைக்கலாம் என்ற பக்கம் சாய்ந்துவிட்டேன். இப்போது வாசல். மியூச்சுவல் ஃபண்ட் ஆப்பில் வெளிநாட்டு ஃபண்ட் தேடினால் பாதி "தற்காலிகமாக நிறுத்தம்" என்று வருகிறது. பங்குச் சந்தையில் விற்கும் ஒரு அமெரிக்க ஈடிஎஃப் மட்டும் எப்போதும் கிடைக்கிறது. அதையே வாங்கிப் போடலாமா?

கேள்விக்குறி | 19 ஆகஸ்ட் 2025

நில்லுங்கள், நில்லுங்கள். வாங்கும் முன் அந்த ஃபண்ட் ஹவுஸ் இணையதளத்தில் iNAV என்று ஒரு எண் ஓடும், ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் அந்த நேர மதிப்பு அது, அதைச் சந்தை விலையுடன் ஒப்பிடுங்கள். நான் அப்படி ஒன்றை உள்ளே இருக்கும் மதிப்பைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாம் சேர்ந்து வெளிநாட்டில் போடக்கூடிய மொத்தத் தொகைக்கு 700 கோடி டாலர் வரம்பு. 2008ல் வைத்தது. வெளிநாட்டு ஈடிஎஃப்களில் போட இன்னொரு 100 கோடி டாலர் தனி. 2022 தொடக்கத்தில் பெரிய வரம்பு நிரம்பியது, பிப்ரவரி 2லிருந்து புதுப் பணம் வாங்காதே என்று செபி நிறுத்தியது. பிறகு யாராவது விற்று வெளியேறினால் அந்த இடத்துக்கு மட்டும் கொஞ்சம் திறப்பது, மூடுவது என்று ஓடிக்கொண்டிருக்கிறது. புது யூனிட் உருவாக்க முடியாத ஈடிஎஃப்பில் இருக்கிற யூனிட்டுகளையே ஆளுக்கு ஆள் மாற்றி விற்கிறார்கள். தேவை கூடினால் விலை மதிப்பைவிட்டு மேலே மிதக்கும்.

மதிப்பு 100 உள்ளதை 112க்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருஷத்தில் குறியீடு 10 சதவீதம் ஏறுகிறது, மதிப்பு 110. அன்றைக்கு வரம்பை உயர்த்திவிட்டார்கள், மிதப்பு போய்விட்டது, விலையும் 110. குறியீடு பத்து ஏறியும் உங்களுக்கு நஷ்டம். இரண்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நான் தொட மாட்டேன்.

நாஸ்டாக்_நம்பி | 20 ஆகஸ்ட் 2025

அதுக்குத்தான் நேரா டாலர் அனுப்பி அமெரிக்க புரோக்கர்ல வாங்கணும். ஆப்ல அஞ்சு நிமிஷம். ஒரு பங்கோட துண்டு கூட வாங்கலாம். 10 லட்சம் வரைக்கும் டிசிஎஸ் கூட பிடிக்க மாட்டாங்க.

அண்ணா_நகர்_ஐடி | 20 ஆகஸ்ட் 2025

டிசிஎஸ்ஸில் ஆள் எடுப்பதே இல்லை, இதில் பிடிக்க வேறு செய்கிறார்களா.

வட்டிக்கணக்கு | 21 ஆகஸ்ட் 2025

சிரித்தேன். நம்பி சொல்வது மூலத்தில் வசூலிக்கும் வரி. ஏப்ரல் 2025லிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு 20 சதவீதம் வங்கி பிடிக்கும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

நேரடி வழியில் ஐந்து நிமிஷம் வாங்குவதற்கு. அதற்குப் பிறகு இரண்டு விஷயம் வருஷக் கணக்கில் கூடவே வரும். ஒன்று, வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் ஷெட்யூல் எஃப்ஏ. நூறு டாலர் பங்கு இருந்தாலும் காட்ட வேண்டும். அதுவும் நிதியாண்டுக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரை. காட்டாமல் விட்டால் கருப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம் வரை போகலாம். 2024 அக்டோபரிலிருந்து மொத்த மதிப்பு 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை, ஆனாலும் காட்டத்தான் வேண்டும். ஐடிஆர்-1 போட்டுப் பழகியவர்கள் ஐடிஆர்-2க்கு மாற வேண்டும்.

இரண்டாவதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. அமெரிக்கப் பங்கு வைத்திருக்கும் வெளிநாட்டவர் இறந்தால் அமெரிக்கா வாரிசு வரி கேட்கும். அமெரிக்கருக்குப் பெரிய விலக்கு உண்டு, நமக்கு 60,000 டாலர் மட்டும். இந்தியாவுக்கு அவர்களுடன் இந்த வரிக்கு ஒப்பந்தம் கிடையாது. ஒருவர் 1,50,000 டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பங்குகளை விட்டுப் போனால், அவர்கள் அட்டவணைப்படி வரி 38,800 டாலர், விலக்குக்காக 13,000 கழியும், மீதி 25,800 டாலர் கட்ட வேண்டும். இன்றைய விலையில் 22 லட்சத்துக்கு மேல். அமெரிக்காவில் பதிவான ஈடிஎஃப் வாங்கினாலும் இதேதான். அயர்லாந்தில் பதிவான ஈடிஎஃப் அதே அமெரிக்கக் குறியீட்டைப் பின்பற்றினாலும் இதில் மாட்டாது. இந்திய மியூச்சுவல் ஃபண்ட் வழியாகப் போனாலும் மாட்டாது, ஏனென்றால் உங்கள் கையில் இருப்பது இந்திய யூனிட்.

நாஸ்டாக்_நம்பி | 21 ஆகஸ்ட் 2025

ரெண்டாவது எனக்குத் தெரியாது. செத்தப்புறம் வர்ற பிரச்சினைதானே சார்.

வட்டிக்கணக்கு | 21 ஆகஸ்ட் 2025

உங்கள் வீட்டுக்காரம்மா இதைப் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனியன்_கணக்கு | 28 ஆகஸ்ட் 2025

நேற்றிலிருந்து அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி. எங்கள் ஆர்டரில் பாதிக்கு மேல் அமெரிக்கா. வாங்குபவர்கள் ஏற்கனவே தள்ளுபடி கேட்கிறார்கள், சிலர் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தையல் பிரிவில் ஷிஃப்ட்டைக் குறைக்கிறார்கள்.

இந்த இழையில் நான் கேட்டது பங்கு பற்றி. ஆனால் இந்த வாரம் முழுக்க வேறு ஒன்றுதான் மண்டையில் ஓடுகிறது. என் வேலை இந்தியாவில், ஆனால் சம்பளம் அமெரிக்கக்காரன் பனியன் வாங்குவதில் இருக்கிறது. அப்படியானால் எனக்கு ஏற்கனவே அமெரிக்க ரிஸ்க் இருக்கிறதே, இன்னும் அமெரிக்கப் பங்கு சேர்ப்பது ஐடிக்காரருக்குச் சார் சொன்ன அதே சிக்கல் இல்லையா?

பனியன்_கணக்கு | 28 ஆகஸ்ட் 2025

என் கேள்விக்கு நானே. வரி போட்டதால் அடி வாங்குவது திருப்பூர். அமெரிக்கக் குறியீடு இந்த வாரம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நான் பயப்பட வேண்டியது அமெரிக்கா வீழ்வதை அல்ல, அமெரிக்கா நம்மிடம் வாங்காமல் போவதை. அந்த நாளில் என் சம்பளமும் போகும், நிஃப்டியும் ரூபாயும் ஆடும். அமெரிக்கப் பங்கு நிற்கலாம். ஐடிக்காரர் கணக்கு இதிலிருந்து வேறு. அவருக்கு அடி விழுவது வாடிக்கையாளர் கம்பெனியே நொடிக்கும்போது.

வட்டிக்கணக்கு | 29 ஆகஸ்ட் 2025

நான் இதை யோசிக்கவில்லை. சரியாகத்தான் படுகிறது. ஆனால் அமெரிக்காவில் மந்தநிலை வந்தால் ஆர்டரும் போகும், அங்குள்ள பங்கும் போகும். அதற்கு இந்தக் காப்பு உதவாது. அமெரிக்கா மட்டும் இல்லாமல் ஐரோப்பா, ஜப்பானும் சேர்ந்த ஃபண்ட் கிடைத்தால் பாருங்கள்.

கேள்விக்குறி | 29 ஆகஸ்ட் 2025

வேலை ஆடும் நேரத்தில் முதலில் ஆறு மாதச் செலவுக்கு வங்கியில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பங்கு அப்புறம்.

பனியன்_கணக்கு | 6 செப்டம்பர் 2025

பணம் இருக்கிறது, கேட்டதற்கு நன்றி.

அளவுக்கு வருகிறேன். 15 சதவீதம் என்று வைத்தேன். 40 லட்சத்தில் ஆறு லட்சம். என் எஸ்ஐபி வருஷத்துக்கு 1.80 லட்சம், முழுதையும் திருப்பினாலும் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் மீதி வளர்ந்துவிடும். விற்று மாற்றலாம் என்றால், இந்தியப் பங்கு ஃபண்டில் வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை நீண்டகால இலாபத்துக்கு வரி இல்லை. என் ஃபண்டில் சராசரியாகப் பாதி இலாபம். ஆனால் பழைய யூனிட்டைத்தான் முதலில் விற்றதாகக் கணக்கு, அதனால் வருஷம் 2.50 லட்சம் விற்றால் இலாபம் 1.25 லட்சத்தைத் தாண்டும், தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி வரும். அதோடு எஸ்ஐபியில் 5,000 ரூபாயைத் திருப்பினால் வருஷம் 3.10 லட்சம் போகும். இரண்டு வருஷத்தில் ஆறு லட்சத்தைத் தொட்டுவிடும்.

வழி இந்திய ஃபண்ட் மட்டும். திறந்திருக்கும்போது வாங்குவது, மூடியிருந்தால் அந்த மாதம் நிஃப்டிக்கே போகட்டும். மிதப்பு விலைக்கு ஈடிஎஃப் வாங்குவதில்லை. பத்துக்குக் கீழே போனாலோ இருபதைத் தாண்டினாலோ மட்டும் சரிசெய்வது, அதையும் முடிந்தவரை புது எஸ்ஐபி பணத்தால். வெளிநாட்டு ஃபண்டை விற்றால் இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், அதற்கு அந்த 1.25 லட்சச் சலுகையும் கிடையாது.

கேள்விக்குறி | 6 செப்டம்பர் 2025

எல்லாம் அழகாக இருக்கிறது. 2009 கதையில் நீங்களே "மாட்டேன்" என்றீர்கள். வெளிநாடு பத்துக்குக் கீழே போகும் நாள் என்பது அது பல வருஷம் உங்களை ஏமாற்றிய நாள். அன்றைக்கு அதில் பணம் போடுவீர்கள் என்று நான் நம்பவில்லை. போடாவிட்டால் உங்களுக்கு வருவது 7.31.

பனியன்_கணக்கு | 7 செப்டம்பர் 2025

அதை மனைவியிடம் ஒப்படைத்திருக்கிறேன். அவளுக்குச் செய்தி பார்க்கும் பழக்கம் இல்லை.

தெம்பனிஸ்_வாசி | 9 செப்டம்பர் 2025

அண்ணே, எனக்கு இன்னும் பதில் வரவில்லை. தஞ்சாவூர் மனையை வெளிநாட்டு முதலீட்டில் சேர்க்கலாமா கூடாதா?

வட்டிக்கணக்கு | 9 செப்டம்பர் 2025

முதலில் எந்த ஊரில் வயதாகப் போகிறீர்கள், அதைச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்_வாசி | 10 செப்டம்பர் 2025

அதை வீட்டில் இன்னும் முடிவு செய்யவில்லை. நான் தஞ்சாவூர் என்கிறேன், அவள் இங்கேயே என்கிறாள்.